பத்து பங்கு வச்சிருந்தேன், கணக்குப் போட்டா மூணே முக்கால்தான்

என் பங்குங்க எல்லாம் ஒரே பக்கம் சாயும்போது போன்ல எச்சரிக்கை அனுப்பற ஸ்கிரிப்ட் ஒண்ணு எழுதினேன், ஒரு வழியா ஒழுங்கா ஓடுது, ஒரு இடத்துல மட்டும் கோட்டை விட்டுச்சு, அதையும் கண்டுபிடிச்சாச்சு, மறக்கறதுக்கு முன்னாடி எழுதி வச்சுடலாம்னு உக்காந்தேன். இதை ஏன் செய்யப்போனேன்னா அதுக்குக் காரணம் 2024 ஜூன் 4, ஓட்டு எண்ணின நாள். அதுக்கு முந்தின நாள்தான் எக்ஸிட் போல் சந்தோஷத்துல நிஃப்டி மூணு சதவீதத்துக்கு மேல ஏறியிருந்துச்சு, நானும் வீட்ல எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் நிஃப்டி கிட்டத்தட்ட 6% விழுந்துச்சு, என் போர்ட்ஃபோலியோ 12% பக்கம் விழுந்துச்சு.

நிஃப்டியை விட ரெட்டிப்பு எப்படின்னு எனக்குப் புரியவே இல்ல, ஏன்னா நான் பத்து பங்கு சமமாப் பிரிச்சு வாங்கினவன். 2023 மார்ச்ல ஆளுக்குப் பத்து சதவீதம்: ஆர்இசி, பிஎஃப்சி, பிஇஎல், ஹெச்ஏஎல், அப்புறம் டிசிஎஸ், ஹெச்யூஎல், சன் பார்மா, ஹெச்டிஎஃப்சி பேங்க், ஏசியன் பெயின்ட்ஸ், டைட்டன். புரோக்கர் ஆப்ல இருக்கற கலர் கலரான வட்டத்துல ஃபைனான்ஸ், கேபிடல் கூட்ஸ், ஐடி, பார்மான்னு அழகாப் பிரிஞ்சு தெரியும். அன்னைக்கு சாயங்காலம் மச்சானுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், அவன் ஒரே வரில பதில் போட்டான்: "டேய், இதுல மூணுல ரெண்டு பங்கு பணத்துக்கு முதலாளி ஒரே ஆளுடா, டெல்லில இருக்காரு."

உண்மைதான். ஆர்இசி, பிஎஃப்சி ரெண்டும் மின்சாரத் துறைக்குக் கடன் கொடுக்கற அரசு கம்பெனிங்க, அதுலயும் 2019ல இருந்து ஆர்இசில பாதிக்கு மேல பங்கு பிஎஃப்சி கையில, அதாவது ஒண்ணு அப்பா ஒண்ணு புள்ளை, நான் ரெண்டையும் தனித்தனியா வாங்கிட்டு பிரிச்சுப் போட்டுட்டேன்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன். பிஇஎல், ஹெச்ஏஎல் ரெண்டும் பாதுகாப்புத் துறை. வட்டத்துல ரெண்டு வேற வேற கலர், ஆனா நாலுக்கும் சோறு போடறது அரசாங்கத்தோட செலவுதான். ஜூன் 4 அன்னைக்கு ஆர்இசி சுமாரா 24%, பிஎஃப்சி 20%க்கு மேல, பிஇஎல் 19% பக்கம், ஹெச்ஏஎல் 17% பக்கம் விழுந்துச்சு. ஹெச்யூஎல் பாவம் அது பாட்டுக்கு ஏறிட்டு இருந்துச்சு.

அப்போதான் தோணிச்சு, செக்டார் பேரை நம்பறதுக்குப் பதிலா, எந்தெந்தப் பங்கு ஒண்ணா ஆடுதுன்னு விலையை வச்சே பாத்து, ஒரே பக்கம் சாயும்போது போன்ல மெசேஜ் வர்ற மாதிரி ஒண்ணு செஞ்சுட்டா என்னன்னு. செலவுன்னு பாத்தா பணம் ஒண்ணும் இல்ல, பழைய லேப்டாப், பைத்தான், டெலிகிராம் பாட், அவ்ளோதான். நேரம்தான் நாலு வாரக்கடைசி போச்சு, அதுல ரெண்டு தப்பு வழில.

முதல் தப்பு சின்னப் புள்ளைத்தனமானது. விலையை அப்படியே எடுத்து கோரிலேஷன் போட்டேன், அதாவது ரெண்டு பங்கு எவ்ளோ ஒண்ணா ஆடுதுன்னு சொல்ற நம்பர், 1னா அப்படியே ஒண்ணா, 0ன்னா சம்பந்தமே இல்ல. 2023ல ஏறக்குறைய எல்லாமே ஏறின வருஷம், ஏறிட்டே போற ரெண்டு கோட்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சா எதுவும் எதோடயும் ஒத்துப்போற மாதிரிதான் தெரியும், டைட்டனுக்கும் ஆர்இசிக்கும் 0.9 பக்கத்துல காமிச்சுது. நகைக்கடைக்கும் கரண்ட்டு கம்பிக்கும் என்ன சம்பந்தம்னு அரை நாள் யோசிச்சேன், சம்பந்தம் ஒண்ணுமில்ல, ரெண்டும் அந்த வருஷம் ஏறிச்சு, அவ்ளோதான். பாக்க வேண்டியது தினசரி மாற்றத்தை: இன்னைக்கு இது ரெண்டு சதவீதம் ஏறினா அதுவும் ஏறுதா, இல்லையா.

ரெண்டாவது தப்புதான் ரொம்ப நேரம் தின்னுச்சு. என்எஸ்இ தினமும் போடற பாவ்காப்பி ஃபைல் இலவசம்தானேன்னு அதை இறக்கி கோத்து வச்சேன். 2023 செப்டம்பர் கடைசிலருந்து ஹெச்ஏஎல்லுக்கும் பிஇஎல்லுக்கும் இருந்த கோரிலேஷன் 0.5லருந்து 0.1க்கு ஒரே நாள்ல விழுந்துச்சு, மூணு மாசம் அப்படியே கெடந்துச்சு, அப்புறம் ஒரே நாள்ல திரும்ப எழுந்துச்சு. எந்த ஜோடியும் அப்படி நடந்துக்காது, டேட்டாவுலதான் ஏதோ கோளாறுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கணும், நான் என் ஃபார்முலாவையே ரெண்டு நாள் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன். கடைசில ஹெச்ஏஎல் விலை வரிசையைக் கண்ணால பாத்தா ஒரு நாள் பாதியாக் கெடக்கு. ஸ்பிளிட்! பத்து ரூபா முகமதிப்புப் பங்கு ஒண்ணை அஞ்சு ரூபாப் பங்கு ரெண்டாப் பிரிச்சாங்க. அதே மாசம் பிஎஃப்சி நாலு பங்குக்கு ஒரு பங்கு இலவசமா போனஸ் கொடுத்துச்சு, அங்க 20% பொய்யா விழுந்திருக்கு. பாவ்காப்பில இதெல்லாம் சரிசெஞ்சு வராது, அன்னைக்கு சந்தைல என்ன விலையோ அதுதான்.

ஒரே ஒரு தப்பு நாள் எப்படி அவ்ளோ கெடுக்கும்னா, நான் வச்சிருந்தது 60 நாள் ஜன்னல், அதாவது எப்பவும் கடைசி 60 நாளை மட்டும் வச்சுக் கணக்கு. ஒரு பங்கு சாதாரணமா தினம் ரெண்டு சதவீதம் ஆடுதுன்னு வைங்க, அந்த 60 நாள் ஆட்டத்தையும் ஸ்கொயர் பண்ணிக் கூட்டினா 0.024 வரும், பாதியாகற அந்த ஒரு நாள் மட்டும் லாக் கணக்குல 0.48. மத்த எல்லா நாளும் சேந்து அதுல இருபதுல ஒரு பங்குதான், அப்புறம் அந்த நாள்தான் பேசும், மத்ததெல்லாம் வாய் மூடிக்கும். பாவ்காப்பியைத் தூக்கிப் போட்டுட்டு, யாஹூ ஃபைனான்ஸ் விலையை இறக்கற `yfinance`ல சரிசெஞ்ச விலையை எடுத்தேன், இருந்தாலும் எந்தப் பங்காவது ஒரே நாள்ல 18%க்கு மேல ஆடினா கணக்கை நிறுத்தி என்னைக் கேக்கற மாதிரி ஒரு செக் போட்டு வச்சேன், நிஜமா விழுந்துச்சா இல்ல ஸ்பிளிட்டான்னு நான் ஒரு தடவை பாத்து சரின்னு சொல்லணும்.

அடுத்தது ஜன்னல் எவ்ளோ நாளுங்கறது. மொதல்ல 30 நாள் வச்சேன், சீக்கிரம் எச்சரிக்கை வரட்டும்னு. வந்துச்சு, வாரத்துக்கு மூணு. உண்மைல சம்பந்தமே இல்லாத ரெண்டு பங்குக்குக்கூட 30 நாள் டேட்டால கோரிலேஷன் சும்மாவே 0.18 அளவுக்கு இங்கயும் அங்கயும் ஆடும் (ஒண்ணை நாள் எண்ணிக்கையோட ஸ்கொயர் ரூட்டால வகுத்தா வர்ற நம்பர்தான்). 120 நாள் வச்சா அது 0.09 ஆகும். கொஞ்சம் மெதுவாத்தான் தெரியவரும், ஆனா நான் பிடிக்க நினைக்கறது சத்தமில்லாம மாசக்கணக்குல சாயற விஷயம், அதுக்கு 120 போதும்.

அப்புறம் நிஃப்டியைக் கழிக்கணும். சந்தை மொத்தமும் ஆடற நாள்ல எல்லாப் பங்கும் ஒரே பக்கம்தான் போகும், அது என் போர்ட்ஃபோலியோவோட குத்தம் இல்ல. அதனால ஒவ்வொரு பங்கோட மாற்றத்துலருந்து அதோட பீட்டா அளவுக்கு, அதாவது நிஃப்டி ஒரு சதவீதம் ஆடினா அது எவ்ளோ ஆடுமோ அந்த அளவுக்கு, நிஃப்டி மாற்றத்தை எடுத்துட்டு, மிச்சம் இருக்கறதுக்கு மட்டும் கோரிலேஷன். இதை செஞ்சதும் டிசிஎஸ்சும் டைட்டனும் பிரிஞ்சு போச்சு, நாலு அரசுப் பங்கு மட்டும் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அதுலயும் ஆர்இசி–பிஎஃப்சி ஜோடி 0.8 பக்கம், பிஇஎல்–ஹெச்ஏஎல் 0.5க்கு மேல, இந்த ஜோடிக்கும் அந்த ஜோடிக்கும் நடுவுல 0.3, 0.4ன்னு. இது சரின்னு நம்பறதுக்கு ஒரு நாள் கிடைச்சுது. 2024 மே 3 அன்னைக்கு ரிசர்வ் பேங்க், கட்டிட்டு இருக்கற திட்டங்களுக்குக் கொடுத்த கடனுக்கு 5% வரைக்கும் ஒதுக்கி வைக்கணும்னு வரைவு விதி போட்டுச்சு. அடுத்த திங்கள் ஆர்இசி, பிஎஃப்சி ரெண்டும் சேந்து பலமா அடி வாங்குச்சு, டிஃபென்ஸ் ஜோடிக்கும் அந்த விதிக்கும் சம்பந்தமே கிடையாது. ஜூன் 4 அன்னைக்கு நாலும் சேந்து. ஆக ஒரு பெரிய கூட்டம், அதுக்குள்ள ரெண்டு சின்ன ஜோடி, நம்பரும் அதையேதான் சொல்லுது.

இதெல்லாம் சரி, பத்து பங்குக்கு 45 ஜோடி, தினமும் 45 நம்பரை யாரு பாக்கறது? எனக்கு ஒரே ஒரு நம்பர் வேணும். தேடிப்பிடிச்சு வச்சுக்கிட்டது இது: ஒவ்வொரு ஜோடிக்கும் ரெண்டு பங்கோட பங்களிப்பு சதவீதத்தையும் பெருக்கி, கோரிலேஷனாலயும் பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி (ஒரு பங்கு தன்னோடயே சேர்ற ஜோடியும் உண்டு, ரெண்டு பக்கமும் எண்ணணும்), ஒண்ணை அதால வகுக்கணும். பத்தும் சம அளவு, யாருக்கும் யாரோடயும் சம்பந்தம் இல்லன்னா சரியா 10 வரும். பத்தும் ஒண்ணாவே ஆடினா 1 வரும். அதாவது உண்மைல எத்தனை தனித்தனிப் பந்தயம் கட்டியிருக்கேன்னு ஒரு எண்.

```python
r = np.log(px / px.shift(1)).dropna().tail(120)
m = r["^NSEI"]
s = r.drop(columns="^NSEI")
beta = s.apply(lambda x: x.cov(m) / m.var())
res = s - np.outer(m, beta)
C = res.corr()
w = w[C.columns] / w.sum()
n = 1 / (w @ C @ w)
```

`px`ல பத்து பங்கோட சரிசெஞ்ச விலையும் `^NSEI`ங்கற பேர்ல நிஃப்டியும் இருக்கு, `w` என்கிறது என்கிட்ட இருக்கற எண்ணிக்கையை அன்னைக்கு விலையால பெருக்கினது. எண்ணிக்கையை ஒரு ஃபைல்ல கையாலயே அடிச்சு வச்சிருக்கேன், வாங்கினா வித்தா மாத்துவேன்.

இப்போ முக்கியமான இடம். நான் ஆரம்பத்துல இந்த நம்பரைக் கணக்கு போடும்போது சோம்பேறித்தனமா பத்துக்கும் 10%ன்னே வச்சிருந்தேன், வாங்கினப்போ அப்படித்தானே வாங்கினேன்னு. 2023லருந்து 2024 மே வரைக்கும் பழைய டேட்டால ஓட்டிப் பாத்தா நம்பர் ஆறைச் சுத்தியே நிக்குது, எச்சரிக்கையே வரல. ஜூன் 4 அடியை இது முன்னாடியே சொல்லலைன்னா எதுக்கு இந்த வேலைன்னு வெறுத்துப் போய் ஒரு வாரம் தொடவே இல்ல. அப்புறம்தான் பொறி தட்டுச்சு, அந்த ஒரு வருஷத்துல நாலு அரசுப் பங்கும் சராசரியா மூணு மடங்கு பக்கம் ஏறியிருக்கு, மத்த ஆறும் சேந்து இருபது சதவீதம் ஏறியிருந்தா பெருசு. நான் ஒரு ரூபா புதுசாப் போடல, ஒண்ணும் விக்கல, ஆனா 40%ஆ இருந்த கூட்டம் தன்னால 62% ஆயிடுச்சு.

கணக்கு சுலபமா இருக்க, நாலுக்குள்ள சராசரி கோரிலேஷன் 0.5, மத்ததுக்கு யாரோடயும் பூஜ்யம்னு வச்சுக்குவோம். 40% இருக்கும்போது, 0.4ஐ ஸ்கொயர் பண்ணி 0.625ஆல பெருக்கினா 0.10 (நாலு சமப் பங்கு, நடுவுல 0.5ன்னா கால் கூட்டல் முக்கால்ல பாதி, அதுதான் 0.625). மத்த ஆறும் ஆளுக்கு 0.01, மொத்தம் 0.16. ஒண்ணை வகுத்தா 6.25. அடுத்து கோரிலேஷன் மட்டும் 0.65க்கு ஏறுது, அளவு மாறலன்னு வைங்க, 5.6 வரும், யாரும் கவனிக்கவே மாட்டாங்க. கோரிலேஷன் 0.5லயே நின்னு, அளவு மட்டும் 62% ஆச்சுன்னா 3.8. ரெண்டும் சேந்து மாறினா 3.25.

அதாவது நான் கோரிலேஷன் ஏறுதான்னு வாசல்ல காவல் இருந்தேன், திருடன் கொல்லைப்புறமா அளவுல வந்துட்டான். நம்பரை இறக்கினதுல பெரும்பங்கு ஏறின பங்கை அப்படியே விட்டதுதான், லாபத்துல இருக்கறதை எதுக்குத் தொடணும்னு பெருமையா இருந்தேனே, அது. அந்த 3.8 நிலைமைல மொத்த ஆட்டத்துல நாலு பங்கோட பங்கு எவ்ளோன்னு பாத்தா 91%. பணத்துல 62, ஆட்டத்துல 91. மத்த ஆறும் சும்மா பேருக்கு உக்காந்திருக்கு.

உண்மை அளவைப் போட்டு திரும்ப ஓட்டினதும் 2024 பிப்ரவரிலயே நம்பர் நாலுக்குக் கீழ போயிடுச்சு, அதாவது தேர்தல் முடிவுக்கு நாலு மாசம் முன்னாடி. விழப்போகுதுன்னு அது சொல்லல, சொல்லவும் முடியாது, பிப்ரவரில வித்திருந்தா மார்ச், ஏப்ரல், மே மாசங்கள்ல ஏறினதுல கொஞ்சம் போயிருக்கும். உன் பத்து பங்கு நாலு கூட இல்லங்கறதை மட்டும் சொல்லும், மிச்சம் என் தலைவலி.

எச்சரிக்கை இப்போ ரெண்டு விதத்துல வருது, நம்பர் நாலுக்குக் கீழ போனா, இல்ல மூணு மாசம் முன்னாடி இருந்ததை விட கால்வாசி கொறைஞ்சா. மெசேஜ்ல காரணமும் வரணும்னு சேத்தேன், அதுதான் இந்த மொத்த வேலைல எனக்குப் பிடிச்ச பாகம்: பழைய அளவை வச்சு புது கோரிலேஷனோட ஒரு தடவை, புது அளவை வச்சு பழைய கோரிலேஷனோட ஒரு தடவை கணக்கு போட்டு, எது அதிகமா இறக்குதோ அதைச் சொல்லும். "அளவால" ன்னு வந்தா அடுத்த மாசச் சம்பளப் பணத்தை வேற பங்குல போட்டாலே கொஞ்சம் சரியாகும், விக்க வேண்டாம், வரியும் கட்ட வேண்டாம். "கோரிலேஷனால" ன்னு வந்தா என்ன கதை ஓடுதுன்னு செய்தியைப் படிக்கணும். தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு ஓடும், ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் அனுப்பாது, வெள்ளிக்கிழமை மட்டும் "உயிரோட இருக்கேன்" னு நம்பரோட ஒரு வரி. அது இல்லாம ஒரு தடவை டேட்டா வராம ரெண்டு வாரம் செத்துக் கெடந்தது எனக்குத் தெரியவே இல்ல, அமைதியா இருக்கே, நல்லா இருக்கோம்னு நெனச்சேன்.

ஓட ஆரம்பிச்சப்புறம் ஒரு வேடிக்கை. 2024 நவம்பர் கடைசில நம்பர் ஒரே நாள்ல நல்லா ஏறிடுச்சு, நான் எதுவும் வாங்கல விக்கல. 120 நாள் ஜன்னல்லருந்து ஜூன் 3ம் 4ம் வெளில போன நேரம் அது! அந்த ரெண்டு நாளும் நாலு பங்கும் ஒண்ணா எகிறி ஒண்ணா விழுந்த நாளுங்க, ஆறு மாசமா அந்த ரெண்டு நாள்தான் கோரிலேஷனைத் தூக்கிப் பிடிச்சிருக்கு. ஸ்பிளிட்ல நடந்ததேதான், இந்தத் தடவை நிஜமான டேட்டால. இப்போ `res.corr(method="spearman")` னு மாத்திட்டேன், அது எவ்ளோ ஆடிச்சுன்னு பாக்காம வரிசைல எத்தனாவது இடம்னு மட்டும் பாக்கும், ஒரு நாள் எவ்ளோ கத்தினாலும் ஒரு ஓட்டுதான்.

இனி அது கோட்டை விட்ட கதை. அரசுப் பங்குல பாதியைக் கொறைச்சு அந்தப் பணத்துல ஐசிஐசிஐ பேங்க், பஜாஜ் ஃபைனான்ஸ் வாங்கினேன், ஏற்கனவே இருந்த ஹெச்டிஎஃப்சி பேங்க்லயும் கொஞ்சம் சேத்தேன். ஸ்கிரிப்ட் ஏழுக்கு மேல காமிச்சுது, ரொம்ப நல்லா பிரிச்சிருக்கேன்னு. மச்சான் பாத்துட்டு, "முன்னாடி கரண்ட்டுக்குக் கடன், இப்போ எல்லாத்துக்கும் கடனா?"ன்னான். வட்டி விகிதம் பத்தி ஒரு செய்தி வந்தா மூணும் சேந்து ஆடும், அது எனக்கே தெரியும், ஸ்கிரிப்ட்டுக்கு ஏன் தெரியல?

ஜோடி ஜோடியாப் பாத்தேன். ஹெச்டிஎஃப்சி பேங்க்கும் ஐசிஐசிஐயும் பூஜ்யத்துக்குப் பக்கத்துல காமிக்குது. நிஃப்டியைக் கழிக்காம போட்டா நல்லா ஒட்டிக்கிட்டு இருக்கு. அங்கதான் விஷயம்: நிஃப்டில மூணுல ஒரு பங்கு ஃபைனான்ஸ், அதுல தலையே இந்த ரெண்டு பேங்க்தான். நான் "சந்தை" ன்னு சொல்லிக் கழிச்சதுல பேங்க் கதையும் சேந்து போயிருக்கு. அரசுப் பங்குல ஆர்இசி, பிஎஃப்சி, ஹெச்ஏஎல் மூணும் அப்போ நிஃப்டிலயே இல்ல, பிஇஎல்லும் 2024 செப்டம்பர் கடைசிலதான் சின்ன அளவுல சேந்துச்சு, அதனால அங்க இந்தப் பிரச்சினை கண்ணுக்கே படல. நான் பிடிச்ச கதைக்கு ஏத்த மாதிரியே கருவியைச் செஞ்சிருக்கேன்.

இப்போதைக்கு ரெண்டு நம்பரும் வருது, நிஃப்டி கழிச்சது ஒண்ணு, கழிக்காதது ஒண்ணு. கழிக்காதது எப்பவுமே சின்னதாத்தான் இருக்கும், பத்து பங்குக்கு நடுவுல சராசரி 0.2 இருந்தாலே 3.6தான் வரும், அதனால அதுக்கு நாலுங்கற கோடு சரிவராது, மூணு மாசம் முன்னாடியோட ஒப்பிடறதை மட்டும் வச்சிருக்கேன். அடுத்து நிஃப்டிக்குப் பதிலா அம்பதுக்கும் சம அளவு கொடுக்கற நிஃப்டி ஈக்வல் வெயிட்டைக் கழிச்சுப் பாக்கணும், அதுல பேங்குகளோட கனம் கொறைவு. இன்னொண்ணு, கோரிலேஷனுக்குப் பதிலா, எவ்ளோ பெருசா ஆடுதுங்கறதையும் சேத்துப் பாக்கற கோவேரியன்ஸ் போட்டிருக்கணும், ஆர்இசி ஹெச்யூஎல்லை விட ரொம்ப அதிகமா ஆடற பங்கு, நான் ரெண்டையும் ஒரே மாதிரி ஆடறதா எடுத்துக்கிட்டேன், அதனால அந்த 91 கூட கொறைச்சுச் சொன்னதுதான். மனைவி பேர்ல இருக்கற டீமேட் கணக்கை இன்னும் சேக்கல. அதுல என்ன இருக்குன்னு கேட்டேன், "எஸ்பிஐ, கனரா பேங்க், ஏன்?"ன்னாங்க.